அது என் பூனை இல்லை என்றேன்

எங்கள் தெருவில் பூனை வளர்க்கிறேன் என்று யாரும் சொல்லமாட்டார்கள். தானாக வருகிறது, சோறு வைக்கிறேன் என்றுதான் சொல்வார்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்தச் சாம்பல் பூனை என் வீட்டில்தான் நாலு வருஷமாகத் தூங்கியது.

பள்ளிக்கூடம் என் வீட்டுக்கு அடுத்த சுவர். ஒரு சனிக்கிழமை மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என் வாசலில் விளையாட வந்து, பூனை சாப்பிடும்போது வாலைப் பிடித்து இழுத்தாள். பூனை கையைப் பிறாண்டிவிட்டது. ரத்தம் வந்தது. அவள் அம்மா நேராக என் வாசலுக்கு வந்து கத்தினாள். யாராவது சத்தமாகப் பேசினாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

"அது என் பூனை இல்லத்தா, தானா வருது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டேன். செய்தது தப்பு என்று அப்போதே தெரியும்.

அவள் பிள்ளையைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூனையைச் சாக்கில் கட்டி, பொன்னமராவதி பக்கம் கொண்டுபோய் விட்டுவிடப் போவதாகத் தெருவெல்லாம் சொன்னாள். தெருவும் சரி என்றது.

வெள்ளிக்கிழமை தலைமை ஆசிரியை கால்நடை டாக்டரம்மாவை வரவழைத்திருந்தார். பூனையைப் பற்றிப் பிள்ளைகளுக்குக் கொஞ்ச நேரம் பேசுவதற்கு. என்னையும் கூப்பிட்டுக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பிறாண்டுபட்ட பிள்ளையின் அம்மாவும் நாலைந்து பெண்களோடு கதவோரம் நின்றாள். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டாக்டரம்மா சின்னப் பெண். சுற்றி வளைக்காமல் பேசினார். "பூனை சாப்பிடுறப்ப, தூங்குறப்ப, குட்டியோட இருக்கிறப்ப தொடாதீங்க. வாலைப் பிடிக்காதீங்க. வெறும் சோறு பத்தாது, முள் எடுத்த மீனோ கறியோ வேணும். மாட்டுப்பால் நெறயப் பூனைக்கு ஒத்துக்காது, வயிறு போகும். தண்ணி எப்பவும் இருக்கணும். தடுப்பூசி போடணும். குட்டி வேணாம்னா கருத்தடை பண்ணணும், குட்டிய ரோட்டுல விடக்கூடாது. பிறாண்டிட்டா?"

"சுண்ணாம்பு வைக்கணும்!" என்று ஒரு பையன் கத்தினான்.

"வைக்கவே கூடாது. சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில பதினஞ்சு நிமிஷம் கழுவணும். அப்புறம் ஒடனே ஆஸ்பத்திரி."

கதவோரத்திலிருந்து அந்த அம்மா, "பாடமெல்லாம் நல்லாத்தான் இருக்கு டாக்டரம்மா. எம்புள்ளைக்கு வலிச்சது வலிச்சதுதான. நாங்க அத ஞாயித்துக்கெழமை சாக்குல கட்டப்போறோம்" என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"கட்டிட்டா அதுக்கு வெறிநோய் இருக்கா இல்லையான்னு எப்படிப் பாப்பீங்க?" என்றார் டாக்டரம்மா. "பிறாண்டின நாள்லேருந்து பத்து நாள் பூனை கண்ணுக்கு முன்னால இருக்கணும். நல்லா இருந்தா ஒங்களுக்குத்தான் நிம்மதி. ஊசிய மட்டும் டாக்டர் சொல்லாம நிறுத்தாதீங்க. சரி, பூனை யாரோடது? அடைச்சு வச்சு யாரு பாத்துப்பாங்க?"

பிள்ளைகள் எல்லாம் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அந்த அம்மாதான் பேசினாள்.

"யாரோடதும் இல்லையாம். அவுக வாயாலயே சொன்னாக."

நான் அஞ்சாவது வரைதான் படித்தவள். வகுப்பில் எழுந்து பதில் சொன்னதே இல்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"என்னோடதுதான். ஊசி போடல. அது என் தப்புதான். நான் அடைச்சு வச்சுக்கிறேன்."

"இப்பத்தான் வாய் வந்துச்சாக்கும்! அன்னைக்கு எம்புள்ள ரத்தத்தோட நிக்கயில எங்க போச்சு இந்த வாய்?"

அவள் கேட்டது நியாயம்.

டாக்டரம்மா, "இன்னும் நாலு நாள் உள்ள வச்சிருங்க. சோறு தண்ணி எறங்கலன்னாலோ, கடிக்கப் பாஞ்சாலோ கிட்ட போகாம எனக்குச் சொல்லுங்க" என்றார்.

பூனையைச் சாமான் அறையில் அடைத்தேன். வெளிக்குப் போக மண் பரப்பிய தட்டு ஒன்று, சோற்றுக்கும் தண்ணீருக்கும் கிண்ணங்கள் வைத்தேன். முதல் நாள் கதவைப் பிறாண்டிக் கத்தியது. அந்த அம்மா தினமும் காலையில் என் வேலியோரம் வந்து நின்று, "உசுரோட இருக்கா?" என்று கேட்பாள். ஜன்னலைத் திறந்து காட்டுவேன். பார்த்துவிட்டுப் போவாள். ஞாயிற்றுக்கிழமை அவள் வீட்டுக்காரர் சாக்கு எடுக்கவில்லை.

கெடு முடிந்த மறுநாள் மூடி போட்ட கூடையில் பூனையை வைத்துக் கறம்பக்குடி கால்நடை ஆஸ்பத்திரிக்குப் பஸ் ஏறினேன். தடுப்பூசி போட்டார்கள். கருத்தடைக்கு அடுத்த வாரம் வரச்சொன்னார்கள். திரும்பி வந்ததும் ஊசிச் சீட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன்.

வாசல்படியில் நின்றபடியே வாங்கிப் பார்த்தாள். என் பெயர், அதற்கு எதிரே உரிமையாளர் என்று எழுதியிருந்தது.

"சீட்டு வாங்கிட்டா சரியாப் போச்சா?" என்றாள். "இன்னொரு தடவ எம்புள்ள மேல நகம் பட்டுச்சு, ஒங்க வாசல்லதான் வந்து நிப்பேன்."

"நில்லுத்தா. நான் உள்ள போகமாட்டேன்" என்றேன்.

சீட்டை என் கையில் கொடுத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.