என் பெயருக்கு வந்த கடிதம்

எழுபதுகளின் தொடக்கத்தில் என் கணவர் பெங்களூர் தொழிற்சாலையில் இருந்தார். நான் மாரண்டஹள்ளியில் மாமனார் வீட்டில். அவர் கடிதமெல்லாம் மாமனார் பெயருக்கே வரும். மாமனார்தான் எல்லாருக்கும் உரக்கப் படிப்பார். ஒருநாள் ஆத்திரத்தில் கணவருக்கு நாலு பக்கம் எழுதினேன்: "உங்களுக்கு என் நினைப்பே இல்லை. எப்போதும் அப்பாதான்."

முன்பு இப்படி எழுதியதற்கு இரண்டு மாதம் பதிலே வரவில்லை. கடித உறையை ஒட்டும்போது உறைத்தது: சர்ச்சில் பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்யும்போது நம் குற்றத்தைத்தானே சொல்கிறோம், அடுத்தவர் குற்றத்தையா?

திருத்தினேன். "நீங்கள் என்னை மறந்துவிட்டதாக நான் உணர்கிறேன்." 'நான்' போட்டாலும் அதுவும் பழிதான், அதையும் அடித்துவிட்டேன். கடைசியில் நின்றது இது:

"கடந்த மூன்று கடிதங்களில் என் பெயர் இல்லை. படிக்கக் கேட்டபோது எனக்கு அழுகை வந்தது. தனியாகத் தவிக்கிறேன். எனக்கென்று நாலு வரி வேண்டும். எழுதுவீர்களா?"

எட்டாம் நாள் தபால்காரர் கூவினார்: "லூர்துமேரி, லெட்டரு உங்க பேருக்குத்தாங்க!" மாமனார் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

உள்ளே என் கணவர், "உனக்கு எழுதினா அப்பா எல்லார் முன்னாடியும் படிச்சிருவாருன்னு வெக்கமா இருந்துச்சு. உன் மனசு தெரியல மேரி" என்று பேசுவது போலவே எழுதியிருந்தார். நாலு வரியல்ல, நாலு பக்கம்!

கோபம் வந்தால் இன்றும் முதலில் கொட்டி எழுதுகிறேன். அது அடுப்புக்கு. இரண்டாவதுதான் அவருக்கு.