ஆமென் சொன்ன பிறகு

நெய்யாற்றின்கரையில் ஒரு துணிக்கடையில் ஓணத்துக்கு எனக்கு ஒரு சேலை எடுத்தோம். பில் போடும் இடத்தில் ஒரு சீட்டு தந்து பேரும் போன் நம்பரும் எழுதிப் பெட்டியில் போடச் சொன்னார்கள். எழுதிப் போட்டவர் என் வீட்டுக்காரர். பத்து நாள் கழித்துப் போன் வந்தது. பரிசு விழுந்திருக்கிறதாம். கணவனும் மனைவியும் சேர்ந்துதான் வர வேண்டுமாம், ஆதார் கார்டும் ஏ.டி.எம். கார்டும் கொண்டு வர வேண்டுமாம். பரிசு வாங்க ஏ.டி.எம். கார்டு எதற்கு என்று எனக்குள் தோன்றியது. ஆனால் கேட்கவில்லை. நான் அப்படித்தான்.

திருவனந்தபுரத்தில் ஒரு ஓட்டலின் பெரிய அறை அது. வட்ட வட்ட மேஜைகள், காது அடைக்கிற பாட்டு. எங்கள் மேஜைக்கு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். என் பேத்தி வயதுதான் இருக்கும். பேச்சு முடியாமல் பரிசு தர மாட்டார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது. எங்கெல்லாம் சுற்றுலா போயிருக்கிறீர்கள் என்று கேட்டாள். என் வீட்டுக்காரர் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். ஊட்டி, மூணாறு, கொடைக்கானல் எல்லாம் வரிசையாகச் சொன்னார்.

"அம்மைக்கு எது பிடிச்சது?" என்றாள் என்னிடம்.

நான் தரையைப் பார்த்தேன். எங்கள் ஊர்ப் பக்கத்து அமரவிளை செக்போஸ்ட் தாண்டி நான் போனதெல்லாம் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் துணி எடுக்கவும்தான். அவர் முகம் அப்போது வாடியதைப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் வண்டி எடுக்கும்போது, அடுத்த தடவை உன்னையும் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்ன மனிதர்.

அந்தப் பெண்ணும் அதைப் பார்த்துவிட்டாள். படங்களை விரித்தாள். வருடம் ஏழு நாள், இருபத்தைந்து வருடம், எந்த மலையிலும் அவர்கள் ஓட்டலில் தங்கலாம். மூன்று லட்சம் என்று எழுதினாள். டை கட்டிய மேனேஜர் வந்து அதை அடித்து ஒன்றரை லட்சம் என்று எழுதினார். இன்றைக்கு மட்டும்தான் இந்த விலை, வாசல் தாண்டினால் கிடையாதாம். வருடா வருடம் பராமரிப்புக்கென்று தனியாகக் கட்ட வேண்டும் என்பதைப் பொடி எழுத்தில் கண்டுபிடித்தவர் என் வீட்டுக்காரர்தான். அது சின்னத் தொகை என்றார்கள். பேப்பரை வீட்டுக்குக் கொண்டு போய் மகளிடம் காட்டட்டுமா என்று கேட்டதற்கு, அதற்கு அனுமதி இல்லை என்றார்கள். பக்கத்து மேஜையில் யாரோ பணம் கட்டித் திட்டத்தில் சேர்ந்தார்கள். எல்லாரும் எழுந்து கைதட்டினார்கள்.

அவர் பாங்கில் ஒரே ஒரு தொகைதான் வைத்திருந்தார். அது காரக்கோணம் ஆஸ்பத்திரியில் அவருடைய முழங்கால் முட்டு ஆபரேசனுக்கு. எனக்கு அது தெரியும். அவர் பேனாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

அப்போது அவர் அந்தப் பெண்ணிடம் சொன்னார்: "ஒரு நிமிசம் மக்கா. எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இவ ஜெபம் பண்ணாம நான் ஸ்டியரிங் தொட்டதில்ல."

மேனேஜர் சந்தோசப்பட்டு, பாட்டைக் குறைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.

மனிதர் முன்னால் பேச எனக்கு வராது. கண்ணை மூடிவிட்டால் மனிதர் யாரும் இல்லை.

"ஆண்டவரே, எனக்கு மலை காட்டணும்னு இவரு இத்தன வருசம் நெனச்சாரே, அதுக்கு ஸ்தோத்திரம். அந்தப் பைசா இவருக்க முட்டுக்கு வச்சதாக்கும், அது உமக்குத் தெரியும். முட்டு வலிக்க ஆளு மலையில ஏறி என்னத்தக் காணும்? இது நல்ல காரியம்னா நாளைக்கும் இருக்கட்டும். இந்தப் பிள்ளை காலையில இருந்து பேசிப் பேசித் தொண்ட கட்டியாச்சு, அவளையும் பாத்துக்கிடும்."

ஆமென் என்று முதலில் சொன்னது அந்தப் பெண். அவர் கொஞ்சம் பிந்திச் சொன்னார்.

கண்ணைத் திறந்தபோது பேனா மூடியோடு மேஜையில் கிடந்தது. மேனேஜர் விடவில்லை. இன்னும் இருபதாயிரம் குறைக்கிறேன், இப்போது பத்தாயிரம் கட்டினால் போதும், மீதி மாசா மாசம் என்றார்.

"ஆமென் சொல்லியாச்சு சாரே," என்றார் இவர். "இனி மாத்தப்பிடாது."

பரிசுக்கு வெளியில் ஒரு மணி நேரம் காக்க வைத்தார்கள். சாப்பாடு சூடு ஆறாமல் வைக்கிற ஒரு பாத்திரமும், மூன்று நாள் இலவசமாகத் தங்கலாம் என்று ஒரு கூப்பனும். அதைப் பதியவும் பணம் கட்ட வேண்டும் என்று பின்பக்கம் எழுதியிருந்தது. பாறசாலைக்குப் பஸ் ஏறினோம். இறங்கும்போதுதான், "ஏட்டி, எனக்க முட்டப் பத்தி ஆண்டவரிட்ட கோளு சொல்லிப் போட்டியே," என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்கும்.

ஆபரேசன் முடிந்து ஆறு மாதம் ஆனபோது அவராகவே மலையடிவாரத்து அம்பூரிக்குப் போகிற பஸ்ஸில் ஏறி எனக்கு ஜன்னல் பக்கம் இடம் பிடித்தார். மடியில் அந்தப் பாத்திரம், உள்ளே மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். ரப்பர் மரங்களுக்கு மேலே மலை நீலமாக எழும்பி நின்றது. நான் வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஊட்டியில இதவிடக் கொஞ்சம் தணுப்பு உண்டு," என்றார். "வேற ஒண்ணும் இல்ல."

பொய். இருந்தாலும் நான் தலையாட்டினேன்.