கடைசி வரிசையின் குரல்

பவானிபூர் ஸ்டூடியோவில் தமிழ்க் கோரஸ் ஒன்றை ஒலிப்பதிவு செய்துகொண்டிருந்தேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு மைக்குகள், தனித்தனி டிராக்குகள். ரேடியோவுக்காக இரண்டையும் ஒன்றாகக் கலந்தால் ஆண்களின் அடிக்குரல் காணாமல் போனது. ரேடியோவிலிருந்து டேப்பை வாங்கிப்போக வந்தவர் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கடைசி வரிசை, வாயைத் திறந்து பாடுங்க!" என்று கத்தினேன். அந்த வரிசையில் நின்று பாடிய ஒரு வங்கி அதிகாரி கழுத்து நரம்பு புடைக்கப் பாடினார். நான்காவது டேக்கிலும் அதே கதி.

கடைசியில்தான் டிராக்குகளைத் தனித்தனியாகக் கேட்டேன். இரண்டிலும் அவர் குரல் கணீரென்று இருந்தது. சேர்த்தால் மட்டும் ஒன்றையொன்று அழித்தது. முந்தின நாள் நான் பற்றவைத்த மைக் கேபிளில் இரண்டு ஒயர்களைத் தவறுதலாக இடம் மாற்றியிருந்தேன்; அதனால் ஒரு மைக்கின் ஒலி அலை தலைகீழாகப் பதிவாகியிருந்தது. மிக்சரில் அந்த டிராக்கின் ஃபேஸைத் திருப்பி அலையை நேராக்கினேன். முதல் டேக்கே முழுதாக ஒலித்தது.

அதைச் சொல்ல மிக்சர் அறையிலிருந்து வெளியே வந்தேன். அதிகாரிக்குத் தொண்டை கட்டியிருந்தது. "இன்னும் சத்தமா பாடணுமா, சார்?" என்றார். வெறும் காற்றுதான் வந்தது.