பதினாலாம் நம்பர் ஊருக்கு முதல் படகு

வெள்ளம் வந்த இரண்டாம் நாள் காலையில் நடந்த அந்தப் பேச்சு, கணக்குப் போட வந்திருந்த அவளுக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது. உணவுக் கிடங்கின் முன்னறை. ஒரு மேசை, ஒரு கணினி, சுவரில் முப்பத்து மூன்று ஊர்களின் பட்டியல். ஊர்ப்பெயர்கள் நீளமாக இருந்ததால் எல்லோரும் எண்ணைச் சொல்லித்தான் பேசினார்கள்.

“அக்கா, பதினாலாம் நம்பர் ஊர்ல இருந்து ஒரு தகவலும் வரலை. தேவைக் கட்டத்துல என்ன போட?”

“வந்தா போடு.”

“வரலையே.”

“வரலைன்னா காலியா விடும்மா. நாமளா எதுக்கு இட்டுக்கட்டணும்?”

“காலியா விட்டா கணினி பூஜ்யம்னு எடுத்துக்கும்.”

“எடுத்துக்கட்டும்.”

அக்கா அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். சொல்லிவிட்டு, ஏற்கெனவே எண்ணிவைத்த பிஸ்கட் பெட்டிகளை எண்ணப் போனாள். அப்போது அவளுக்கு அது விசித்திரமாகப் படவில்லை.

அக்காவுக்குப் பதவிப்படி கிடங்குக் காப்பாளர் என்று பெயர். லாரிக்காரர்கள் வைத்த பெயர் அரைமூட்டை. எந்த ஊருக்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டால் கடைசியில் அரை மூட்டை, கால் மூட்டை என்று மிச்சம் நிற்கும். மற்ற கிடங்குகளில் அதை முழுதாக ஏற்றிவிடுவார்கள், அல்லது இறக்கிவிடுவார்கள். அக்கா மூட்டையைப் பிரித்து, தராசில் வைத்து, பாதியைக் கட்டி அனுப்புவாள். “இப்படிப் பார்த்தா அரிசியை எண்ணித்தான் கொடுப்பீங்க போல” என்று ஓட்டுநர்கள் கிண்டல் செய்தால், “நேரம் இருந்தா எண்ணுவேன்” என்பாள். பதினெட்டு வருடம் அதே கிடங்கு. கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். பிள்ளைகள் இல்லை. மதியம் தயிர்சாதம் சாப்பிடும்போதுகூடச் சாவிக்கொத்தை மடியிலிருந்து எடுக்க மாட்டாள்.

அவளோ புள்ளியியல் பிரிவிலிருந்து வெள்ளத்துக்காக அனுப்பப்பட்டவள். வேலையில் சேர்ந்து ஐந்து மாதம். தேவையில்லாமல் பேச மாட்டாள். தேவைப்பட்டாலும் இரண்டு முறை யோசிப்பாள்.

கணக்கு ஒன்றும் மர்மமில்லை. ஒவ்வொரு ஊருக்கும் மூன்று விஷயம் பார்த்தார்கள். முதலாவது தேவை: எத்தனை வீட்டில் தண்ணீர், குடிநீர் இருக்கிறதா, கைக்குழந்தைகளும் நோயாளிகளும் எத்தனை பேர். அதற்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண். இரண்டாவது ஆள் எண்ணிக்கை. மூன்றாவது வழி: லாரி போகுமா, டிராக்டர் போகுமா, படகுதான் போகுமா. மூன்றையும் பெருக்கினால் யாருக்கு முதலில் என்ற வரிசை வரும். எவ்வளவு அனுப்புவது என்பது வேறு கணக்கு. ஆளுக்கு ஒரு நாளைக்கு நானூறு கிராம் அரிசி. லாரி போகிற ஊருக்கு மூன்று நாளைக்கு, டிராக்டர் ஊருக்கு ஐந்து நாளைக்கு, படகு ஊருக்கு ஏழு நாளைக்கு. படகு மறுபடி எப்போது போக முடியும் என்று யாருக்கும் தெரியாதல்லவா?

இந்த ஏழு நாள்தான் எல்லோர் கண்ணையும் உறுத்தியது. அன்று மத்தியானம், சாலையோரத்து மூன்றாம் நம்பர் ஊரிலிருந்து ஓர் ஒப்பந்தக்காரர் முழங்கால்வரை சேற்றோடு வந்து மேசைமேல் கையை ஊன்றினார்.

“எங்களுக்கு மூணு நாளு, அவனுக்கு ஏழு நாளா? நாங்க என்ன இளிச்சவாயங்களா?”

“உங்களுக்கு நாளான்னைக்கு லாரி திரும்ப வரும் சார். அவங்களுக்கு வர்றது நிச்சயமில்லை” என்றாள் அக்கா.

“யாரு வீட்டுக்கு எவ்வளவு போகுதுன்னு நாங்களும் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கோம்.”

அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். அக்காவின் கை மட்டும் மேசைமேல் இருந்த ரசீதுப் புத்தகத்தைச் சட்டென்று மூடியது. அவர் போன பிறகும் வெகுநேரம் அந்தக் கை புத்தகத்தின்மேலேயே இருந்தது.

மூன்றாம் நாள் காலை மழை விட்டது. ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது. மதியம் இரண்டு மணிக்கு மேல் அணையில் இன்னும் நான்கு மதகைத் திறக்கப்போவதாகத் தகவல் வந்தது. அதற்குப் பிறகு ஆற்றின் வளைவைப் படகு தாண்ட முடியாது. கையில் இருந்தவை இரண்டு படகுகள், ஒவ்வொன்றிலும் ஒரு டன். வளைவுக்கு அப்பால் பதினாலாம் நம்பர் ஊரும் பதினைந்தாம் நம்பர் ஊரும் மட்டும். பதினைந்து, வீடுகளுக்குள் தண்ணீர் வரவில்லை என்று முதல் நாளே சொல்லியிருந்ததால் மறுநாள் பட்டியலில் இருந்தது. போய்வர ஆறு மணி நேரம். அதே நேரத்தில் இந்தப் பக்கம் மூன்று ஊருக்குப் போய்வந்துவிடலாம்.

அவள் வரிசையை அச்சிட்டாள். பதினாலு முப்பத்து மூன்றாவது இடத்தில், அதாவது கடைசியில், நின்றது. முந்நூற்றுப் பத்துப் பேர், படகு வழி, தேவை பூஜ்யம். பூஜ்யத்தோடு எதைப் பெருக்கினாலும் பூஜ்யம்தானே. தகவல் அனுப்பாத ஊர் நன்றாக இருக்கிற ஊரா, அல்லது தகவல் அனுப்ப ஆளே இல்லாத ஊரா?

வேறு எந்தெந்த ஊர் வாய் திறக்கவில்லை என்று தேடினாள். ஒன்பதும் இருபத்தேழும். இரண்டிலும் கைபேசிக் கோபுரம் விழுந்திருந்தது. ஆனால் அந்த இரண்டு ஊர்களும் மேலே, ஆறாவது இடத்திலும் எட்டாவது இடத்திலும் இருந்தன. கையால் நிரப்பிய படிவத்தைப் புரட்டினாள். இரண்டு ஊருக்கும் நேராக அக்காவின் குண்டுக் கையெழுத்தில் ஐந்து. பக்கத்தில் ஒரு குறிப்பு: ‘இருபத்து நான்கு மணி நேரமாகத் தகவல் இல்லை. மோசம் என்றே கொள்ளவும்.’

ஆக, அக்காவுக்கு விதி தெரியும். ஒரே ஒரு ஊருக்கு மட்டும் அது தெரியாமல் போயிருக்கிறது.

அவளுக்குப் பயமாக இருந்தது. தப்பு என்று சொன்னால் அக்கா என்ன சொல்வாள் என்ற பயம் ஒரு பக்கம். சொல்லாமல் விட்டால் வளைவுக்கு அப்பால் என்ன நடக்கும் என்ற பயம் இன்னொரு பக்கம். சுவர்க்கடிகாரம் ஏழரையைக் காட்டியது.

அந்த நேரத்தில் படகுக்காரர் உள்ளே வந்தார். தோளில் துண்டு, கையில் தேநீர்க் கோப்பை. நாக்கை அடக்கிப் பேசிப் பழக்கமில்லாத மனிதர்.

“என்னக்கா, முதல் லோடு எங்கே? பதினாலுக்குத்தானே? உங்க தங்கச்சியைக் கட்டிக்கொடுத்த ஊருல்ல அது? மாசமா வேற இருக்குன்னு சொன்னீங்களே?”

அக்கா மூட்டைகள் இருந்த பக்கம் நடந்தாள். படகுக்காரர் கணினிமுன் இருந்தவளைப் பார்த்து, ‘நான் என்ன சொல்லிட்டேன்?’ என்பதுபோல உதட்டைப் பிதுக்கினார்.

அவள் எழுந்து அக்காவின் பின்னால் போனாள். அரிசி மூட்டைகளுக்கு நடுவே ஈரச் சாக்கின் வாசனை.

“அக்கா, ஒன்பதுக்கும் இருபத்தேழுக்கும் அஞ்சு போட்டிருக்கீங்க.”

“ஆமா.”

“பதினாலும் அதே மாதிரிதானே?”

அக்கா ஒரு மூட்டையின் முடிச்சை அவிழ்த்து மறுபடி கட்டினாள். “போன வெள்ளத்துல என் மாமியார் ஊருக்கு ரெண்டு மூட்டை கூடப் போச்சுன்னு மொட்டைக் கடுதாசி போட்டாங்க. போகலைம்மா. சத்தியமா போகலை. எட்டு மாசம் விசாரணை. தினமும் இந்த வாசல்ல வந்து நின்னு, உள்ளே விடாம திரும்பிப் போனேன். மாமியாரே கேட்டாங்க, ‘எடுத்திருந்தா ஒத்துக்கோயேன்’னு.”

“அது பொய்னுதானே முடிஞ்சுது?”

“காகிதத்துல முடிஞ்சுது. இப்ப அஞ்சு போட்டா அந்த ஊர் மேலே வந்துரும். ஒரு படகு முழுசும், ஏழு நாள் சரக்கோட, அங்கே போகும். நாளைக்கு அந்த ஒப்பந்தக்காரன் மாதிரி ஒருத்தன் வந்து, யாரு வீட்டுக்குன்னு கேட்டா நான் என்ன சொல்ல?”

“போடலைன்னா அங்கே முந்நூத்திப் பத்துப் பேர் இருக்காங்க அக்கா. தங்கச்சி அதுல ஒருத்தர்.”

அக்கா அழவில்லை. சாவிக்கொத்தை மட்டும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“ரெண்டு ராத்திரியா அதைத்தான் நினைச்சுக்கிட்டிருக்கேன். அவ சொந்தம்கிறதால கூட்டிப் போடறேனா, சொந்தம்கிறதால குறைச்சுப் போடறேனான்னு எனக்கே தெரியலை. நீ போடு. என்ன வருதோ அதைப் போடு. நான் வெளியே போய் நிக்கறேன்.”

அவள் திரும்பிவந்து உட்கார்ந்தாள். விதிப்படி ஐந்து. வரிசை மாறியது. பதினாலு இரண்டாவது இடத்துக்கு ஏறியது. முந்நூற்றுப் பத்துப் பேருக்கு ஏழு நாள் அரிசி, எண்ணூற்று அறுபத்தெட்டு கிலோ. தண்ணீர்க் கேன்கள் ஏற்றினால் படகு தாங்காது. அதனால் குளோரின் மாத்திரை, பால்மாவு, மருந்துப் பெட்டி, தார்ப்பாய். ஒரு டன்னுக்குச் சரியாக வந்தது. ஒதுக்கியவர் என்ற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டாள். முதல் தடவையாகத் தன் கையெழுத்தைப் பார்த்து அவளே பயந்தாள்.

எட்டேகாலுக்குப் பதினாலாம் நம்பர் ஊருக்குப் படகு கிளம்பியது; இன்னொரு படகு வரிசையில் முதலில் நின்ற ஊருக்குப் போனது. அதனால் இந்தப் பக்கத்து மூன்று ஊர்கள் மறுநாளைக்குத் தள்ளிப்போயின. அவற்றுக்கு டிராக்டர் வழியில் பாதியாவது அனுப்ப முடியுமா என்று அக்கா பத்து மணிவரை தொலைபேசியில் மன்றாடினாள். கிடைத்தது ஒரு டிராக்டர். மூன்றுக்கும் அரை அரை மூட்டையாகப் பிரித்துக் கட்டினாள். அன்று யாரும் கிண்டல் செய்யவில்லை.

பன்னிரண்டு மணி. ஒன்று. இரண்டு. மதகு திறந்த சங்கு தூரத்தில் ஒலித்தது. படகு வரவில்லை. அக்கா வாசலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். யாராவது பார்த்தால் பூட்டைச் சரிபார்ப்பதுபோல இழுத்துப் பார்த்தாள். அந்தப் பூட்டை அன்றைக்கு முப்பது தடவையாவது இழுத்திருப்பாள்.

மூன்று மணிக்குப் படகுக்காரர் நனைந்த கோழிபோல வந்து நின்றார். காலையில் இருந்த வாய் இப்போது இல்லை.

“கரை ஒதுங்க முடியலை. பள்ளிக்கூட மாடியில இருந்து கயிறு போட்டாங்க. சரக்கைக் கட்டி விட்டேன். பதினஞ்சாம் நம்பர் ஊர் ஆளுங்களும் அங்கேதான் ஏறி இருக்காங்க. அந்த ஊர்ல ஈ காக்காகூட இல்லை. வாத்தியார் இதைக் கொடுத்தனுப்பினார்.”

பிளாஸ்டிக் உறையில் மடித்த நோட்டுத்தாள். அவர் அதை அக்காவிடம் நீட்டவில்லை, அவளிடம் நீட்டினார். அக்காவை நிமிர்ந்து பார்க்காமல், “நான் யாரையும் பக்கத்துல பார்க்கலைக்கா. மேல ஒரே கூட்டம்” என்றார்.

உறைக்கு வெளியே தெரிந்த பக்கத்தில் வாத்தியார் தலைப்பு எழுதியிருந்தார்: இருப்பவர்கள், நோயாளிகள், காணாமல் போனவர்கள்.

உறையைப் பிரிக்க அவளுக்குக் கை வரவில்லை. மதகை நாளைக் காலை ஒரு மணி நேரம் இறக்கப்போவதாக அணையிலிருந்து சொல்லியிருந்தார்கள். அதற்குள் அடுத்த படகு வளைவைத் தாண்டியாக வேண்டும். பதினைந்துக்கு எழுதி வைத்த சரக்கைப் பதினாலோடு சேர்க்க வேண்டும். முந்நூற்றுப் பத்து என்பது இனி செல்லாத எண். மற்ற ஊர்களில் எதிலிருந்து எவ்வளவு குறைப்பது என்பதை இப்போதே, இந்த மேசையில், முடிவு செய்ய வேண்டும்.

அக்கா நாற்காலியை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தாள். பேனாவைத் திறந்தாள். முகம் வெளுத்திருந்தது, குரல் மட்டும் கிடங்கில் சரக்கு எண்ணும்போது இருக்கிற குரல்.

“நீ படி. என்கிட்ட தராதே. மொத்தம் எத்தனை பேர், கைக்குழந்தை எத்தனை, நோயாளி எத்தனை, அதை மட்டும் சொல்லு. நாளைய கணக்கு முடியட்டும், சீட்டுல நீ கையெழுத்துப் போடு. அதுவரைக்கும் ஒரு பேரையும் எனக்குச் சொல்லிடாதேம்மா.”