தட்டு காலி

முதியோர் இல்லத்தின் உணவு ஆலோசகருக்கு எல்லோரும் வைத்த பெயர் டேப்பக்கா. கழுத்தில் எப்போதும் அளவு நாடா, மூக்கு நுனியில் எப்போதும் கோபம்.

அங்கிருந்த பழைய பஸ் டிரைவர் ஒரே மாதத்தில் நான்கு கிலோ இளைத்திருந்தார். அவரைக் கவனிக்கும் பராமரிப்புப் பெண்ணின் சாப்பாட்டுக் குறிப்புத் தாளிலோ மூன்று வேளையும் "தட்டு காலி" என்றிருந்தது. டேப்பக்கா அளந்தாள்: கெண்டைக்கால் சுற்றளவு இருபத்தொன்பது சென்டிமீட்டர்தான், தசை கரைந்திருந்தது. கைப்பிடியில் வலு இல்லை. கை ஊன்றாமல் எழவும் முடியவில்லை.

மதியம் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். இரண்டு வாய் சாப்பிடுவதற்குள் அவருக்கு இருமல் வந்தது. மிச்சத்தை நைசாகப் பக்கத்துத் தட்டில் தள்ளினார்.

"ஏன் சார்?"

"தொண்டைல எறங்க மாட்டேங்குதும்மா. எல்லார் முன்னாடியும் இருமினா மானம் போகுது."

விழுங்குவதைச் சோதித்த தெரபிஸ்ட், பொடியாக நறுக்கிய ஈரமான உணவும் சற்றே கெட்டியாக்கிய பானமும் போதும் என்றார். டேப்பக்கா அதைக் கோப்பிலும் சமையலறைப் பலகையிலும் எழுதினாள்.

"தட்டு காலியாத்தானே இருந்துச்சுக்கா," என்றாள் பராமரிப்புப் பெண்.

"தட்டையா எடை போடுறோம்?"

தாளில் "தட்டு காலி" என்ற கட்டத்தை டேப்பக்கா அடித்துவிட்டு, "விழுங்கிய வாய்கள்" என்று எழுதிக் கொடுத்தாள்.

மறுநாள் அந்தப் பெண் அவரருகே உட்கார்ந்து எண்ணினாள். "பதினாலு."

"பதினஞ்சு," என்றார் டிரைவர். "ஒண்ண நீ பாக்கல."