வெற்றிலைக் காம்பும் என் கடைக்குட்டியும்

எனக்குக் கூச்சம் அதிகம். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிற ஆண்கள் நின்றால் ஒரு வாய் தண்ணீர் கேட்கவும் நா எழாது. அப்படிப்பட்ட நான் ஒரு நாள் ஆஸ்பத்திரி விறாந்தையில் நின்று கத்தினேன்.

எண்பதுகளின் நடுவில், நாற்பதை எட்டிப்பிடிக்கும் வயதில் எனக்கு ஐந்தாவது பிள்ளை பிறந்தான். நயினாதீவில் எங்கள் வீட்டிலேயே மருத்துவிச்சி பிரசவம் பார்த்தார். இந்த வயதில் பிள்ளையா என்று ஊர் சிரிக்கும் என நான் வெளியே தலைகாட்டவில்லை. பிறந்த பிள்ளைக்கு முதல் நாளே தார் போலக் கறுப்பாக வயிற்றால் போகவேண்டும். இவனுக்குப் போகவில்லை. இரண்டாம் நாள் வயிறு பறை மேளம் போல விறைத்துவிட்டது. பாலும் குடிக்கவில்லை.

என் கணவருடைய தமக்கை, என் மச்சாள், வாய்க்குள் எப்போதும் வெற்றிலை வைத்திருப்பவர். "எங்கட காலத்தில இதுக்கெல்லாம் டொக்டரே வந்தவர்?" என்று சொல்லி, ஒரு வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்து ஆசனவாயில் மெல்ல விட்டார். காம்பை எடுத்ததுதான் தாமதம், காற்றும் கறுப்பு மலமும் மச்சாளின் சீலை எல்லாம் சீறி அடித்தது. வயிறு வற்றியது. பிள்ளை பால் குடித்தான். நாங்கள் சிரித்த சிரிப்பு!

"மருத்துவிச்சிக்குக் காம்புக் கதை சொல்லிப்போடாதையும். என்னைத் தின்றுபோடுவா," என்றார் மச்சாள்.

பின்னேரம் மருத்துவிச்சி வந்து, "பிள்ளைக்குத் தானாய்ப் போனதோ?" என்று கேட்டார். "ஓம்," என்றேன். சொன்னது அந்த ஒரு சொல்தான்.

அடுத்த நாள் காலை வயிறு பழையபடி ஊதிவிட்டது. பச்சையாக வாயால் சத்தி எடுத்தான். மருத்துவிச்சி ஒரு கடதாசித் துண்டில் எழுதித் தந்து, முதல் வள்ளத்திலேயே எங்களை ஏற்றிவிட்டார். குறிகட்டுவான் துறையில் இறங்கி, பஸ் பிடித்து, யாழ்ப்பாணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தோம்.

சத்திரசிகிச்சை டொக்டர் துண்டைப் படித்தார். எக்ஸ்ரே படத்தைப் பார்த்தார். படத்தில் குடல் முழுக்கக் காற்று.

"ரெண்டாம் நாள் தானாய்ப் போனது எண்டு எழுதியிருக்கு. சரிதானே, அம்மா?"

சுற்றி ஐந்தாறு மாணவ டொக்டர்மார், எல்லாம் ஆண்பிள்ளைகள். மடியில் பிள்ளை முனகினான். அவன் வயிற்றைப் பார்த்தேன்.

"இல்லை ஐயா. தானாய்ப் போகேல்லை. வெத்திலைக் காம்பு வைச்சனாங்கள். எடுக்கச் சீறி அடிச்சது. வயிறு வத்தி, பிறகும் ஊதிப்போச்சு."

அவர் கோபிக்கவில்லை. "இதை முதலே சொல்லியிருக்கலாமே," என்று கையுறை போட்டு, ஆசனவாயில் சின்ன விரலால் சோதித்தார். விரலை எடுத்ததும் அவருடைய வெள்ளைச் சட்டை பாழானது. மாணவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு! டொக்டரே சிரித்துவிட்டார். "நான் தேடினது இதைத்தான்!"

குடலின் கடைசித் துண்டில் நரம்புக் கலங்கள் இல்லாவிட்டால் அந்த இடம் இளகிக் கொடுக்காதாம்; அதற்கு மேலே எல்லாம் தேங்கி வீங்குமாம். உப்புத் தண்ணீரால் குடலைக் கழுவினார்கள். மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள். ஒரு துளி சதை எடுத்துச் சோதித்து, அதுதான் நோய் என்று உறுதி செய்தார்கள். முதல் சத்திரசிகிச்சையில் வயிற்றில் ஒரு துவாரம் வெட்டி, மலம் அதன் வழியே போக, நல்ல குடலின் வாயை வெளியே வைத்தார்கள். "சாம்பிராணி வேண்டாம், எண்ணெய் வேண்டாம், காம்பும் வேண்டாம்," என்று சொல்லித்தான் வீட்டுக்கு விட்டார்கள்.

பழஞ்சீலைத் துண்டுகளை மடித்து வயிற்றில் கட்டுவேன். நனைந்தால் உடனே கழுவித் தோலைத் துடைத்து மருந்துக் களிம்பு பூசுவேன். தேவாரம் பாடும்போது வயிற்று வாய் காற்று விடும். "தம்பியும் பாடுறான்!" என்று மூத்ததுகள் சிரித்து உருளும்.

அவனுக்குப் பத்தாம் மாதம், நரம்பில்லாத துண்டை வெட்டி எடுத்து, நல்ல குடலைக் கீழே இழுத்து ஆசனவாயோடு பொருத்தினார்கள். அது ஆறியபின், வயிற்று வாயை மூடும் மூன்றாவது சத்திரசிகிச்சை. இனி அவன் தானாகப் போகவேண்டும். போகாவிட்டால் எல்லாம் வீண். முதல் நாள் இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் காற்றுப் போனது. ஆஸ்பத்திரி வாட்டில் இருந்த தாய்மாரெல்லாம் என் கட்டிலையே பார்த்தபடி இருந்தார்கள்.

நான்காம் நாள், பார்வையாளர் நேரத்துக்குச் சற்று முன், என் மடி சூடாக நனைந்தது. எழுந்து பார்த்தேன். மஞ்சளாக, தாராளமாக!

விறாந்தையின் அந்தத் தொங்கல் முனையில் என் கணவரும் மச்சாளும் சனத்தோடு வந்துகொண்டிருந்தார்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"இஞ்சேருங்கோ! பிள்ளை கக்கா இருந்திட்டான்! தானாய் இருந்திட்டான்!"

விறாந்தை முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"மெதுவாச் சொல்லுமப்பா, ஆக்கள் பாக்கினம்," என்றார் இவர். கண் கலங்கியிருந்தது.

"பாக்கட்டும்!" என்றேன்.

மச்சாள் மடியிலிருந்து வெற்றிலைச் சுருளை எடுத்தார். நான் பிள்ளையை இறுக்கிப் பிடித்தேன்.

"பயப்பிடாதையும்," என்றார் மச்சாள். "இது நான் சப்ப."