அவருடைய போனில் என் விரல்

என் கணவருடைய விரலில் ரேகை இல்லை. துறைமுகத்தில் கொள்கலன்களை இரும்புக் கம்பி போட்டுக் கட்டுகிற வேலை. ஆயுளில் பாதி அதிலேயே போனது. போன் வாங்கிய அன்று கடைக்காரர் அவருடைய பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார். போன் ஒன்றையும் ஏற்கவில்லை. கடைசியில் கடைக்காரர் என்னைப் பார்த்தார். "அக்கா, நீங்க வைங்க." வைத்தேன். உடனே எடுத்தது.

அப்படித்தான் அவருடைய போனில் என் விரல் ஏறியது. வங்கியின் செயலியும் அந்த விரலுக்கே திறந்தது. கணக்கு அவருடைய பெயரில். போனும் அவருடையது; என் போனில் அந்தச் செயலி இல்லை. லைட் பில், தண்ணீர் பில், காஸ், எது கட்டுவதானாலும் முன்னறையில் இருந்து குரல் வரும்.

"விரலைக் கொண்டா."

நான் அடுப்படியில் நிற்பேன். கை ஈரமாக இருந்தால் போன் எடுக்காது. சட்டையில் துடைத்துக்கொண்டு போவேன். அவர் போனை நீட்டுவார். நான் வைப்பேன். திரும்பிப் போய் கறியைக் கிளறுவேன். ரகசிய இலக்கம் போட்டும் திறக்கலாம். அவருக்கு அது மனதில் நிற்காது. எனக்கும் நிற்காது. கொட்டாஞ்சேனையில் நாங்கள் இரண்டு பேர்தான். பிள்ளைகள் இல்லை. விரல் போதுமாக இருந்தது.

பிறகு அவருக்கு நெஞ்சு வலி வந்தது. அரசாங்க ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இருதயக் குழாய் அடைத்திருக்கிறது, நெஞ்சைத் திறந்து செய்ய வேண்டும் என்றார்கள். பெயரைப் பதிந்தார்கள். ஒரு திகதியும் தந்தார்கள். அவர் வீட்டுக்கு வந்து போனை எடுத்துச் சார்ஜில் போட்டார். "நான் உள்ளுக்குக் கிடக்கேக்க இது உன்னட்ட இருக்கட்டும். வெளிய வாங்கச் சொல்ற சாமான் எல்லாம் இதால வாங்கு. உன்ர விரல்தானே." எனக்கும் அது நிம்மதியாக இருந்தது.

அந்தக் கிழமைதான் மின்னஞ்சல் வந்தது. வங்கியின் பெயர். மூன்று மொழியிலும் கொஞ்சம் கொஞ்சம் எழுதியிருந்தார்கள். நிபந்தனைகள் திருத்தப்பட்டுள்ளன. இன்ன திகதியில் இருந்து நடைமுறைக்கு வரும். சேவையைத் தொடர்ந்து பாவித்தால் அவற்றை ஏற்றுக்கொண்டதாகக் கருதப்படும். கீழே ஒரு நீல எழுத்து. அதை அழுத்தினால் முழுவதும் வருமாம்.

அவர் அழுத்தவில்லை. வங்கிப் பெயரில் கள்ள மெயில் வருகிறது என்று கேள்விப்பட்டிருந்தார். போனை எடுத்துக்கொண்டு தெருமுனைக் கொமினிகேஷன் கடைக்குப் போனோம். கடைக்கார நானா எங்களுக்கு நெடுநாள் பழக்கம். ரீலோட், போட்டோக்கொப்பி, பிரின்ட், எல்லாம் அவரிடம்தான்.

நானாவும் நீல எழுத்தைத் தொடவில்லை. தன்னுடைய கொம்பியூட்டரில் வங்கியின் தளத்தைத் தேடித் திறந்தார். அதே அறிவித்தல் அங்கேயும் இருந்தது.

"மெய்யான மெயில்தான் அண்ணன். ஆனா இது பெரிய புத்தகம். எல்லாத்தையும் பிரின்ட் எடுக்கவா?"

"எடு."

"எடுத்து? வாசிப்பீங்களா, இல்லாட்டி தலைக்கு வச்சுப் படுப்பீங்களா?"

"நீ எடு நானா. வாசிக்கிறதுக்குத்தானே நீ இருக்கிற."

மெஷின் ஓடி ஓடித் தாள் சூடாக வந்தது. எல்லாம் ஆங்கிலம். நானா பக்கம் பக்கமாகப் புரட்டினார். ஓர் இடத்தில் நின்றார். அதைத் தன் போனில் போட்டுத் தமிழாக்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எங்கள் விரல் கதை அவருக்குத் தெரியும்.

"அக்கா, இங்க விரலைப் பத்தி இருக்கு. கணக்குக்காரர்ட விரல் மட்டும்தான் போன்ல இருக்கணுமாம். வேற ஆள்ட விரல் இருந்தா, அதால நடக்கிறதெல்லாம் கணக்குக்காரரே செஞ்சதா எடுப்பாங்களாம். பொறகு நான் செய்யல்ல எண்டு சொல்ல ஏலாது."

அவர் தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். அவருக்கு அந்த எழுத்து விளங்காது. பார்த்துக்கொண்டே இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் ஒரு முடிவு சொன்னார். "பாவிச்சாத்தானே ஏத்துக்கொண்ட மாதிரி? பாவிக்காம விடுவம். திறக்காட்டி அவங்கட சட்டம் எங்களுக்கு இல்ல."

எனக்கும் அது சரியாகப் பட்டது. செயலியைத் திறக்கவில்லை. லைட் பில்லை நானாவின் கடையில் காசாகக் கட்டினேன். நான் சமைக்கப் போகிற வெள்ளவத்தை வீட்டில் சம்பளத்தைக் கணக்கில் போட வேண்டாம், கையில் தாருங்கள் என்று கேட்டேன். அடுப்படியில் நிற்கும்போது யாரும் கூப்பிடவில்லை. கறி அடிப்பிடிக்காமல் வெந்தது. எனக்குத்தான் ஒரு மாதிரி இருந்தது.

ஆஸ்பத்திரித் திகதி கிட்ட வந்தது. அவரை உள்ளே எடுத்த பிறகு நான் எதைக் கொண்டு என்ன வாங்குவது? கணக்கில் காசு இருக்கிறது. தொட ஏலாது. தொட்டால் அவர் மேல் பிழை வருமோ என்று பயம். இரவில் இருவரும் நித்திரை கொள்வது போலக் கிடந்தோம்.

"பேங்குக்குப் போய்க் கேப்பம்," என்றேன்.

"கேட்டா விரலைச் சொல்ல வேணும்."

"சொல்லுவம்."

போனோம். இலக்கத் துண்டு எடுத்துக் காத்திருந்தோம். எங்களைக் கூப்பிட்ட மேசையில் ஒரு பிள்ளை. தலையில் சால்வை. மெதுவாகக் கதைத்தாள். அவர் பிரின்ட் எடுத்த தாள் கட்டை மேசையில் வைத்தார். அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

"அங்கிள், முழுசாவே கொண்டு வந்திருக்கிறீங்க."

"இதுல எது புதுசு, அதைச் சொல்லு பிள்ளை."

அவள் கட்டின் முதல் தாளைப் புரட்டினாள். அங்கே ஒரு சின்னக் கட்டம். நானாவும் பார்க்கவில்லை. நாங்களும் பார்க்கவில்லை. "மாத்தினது என்னென்ன எண்டு இங்க போட்டிருக்காங்க. மூண்டுதான். மத்தது எல்லாம் முந்தி இருந்ததுதான்." விரலை வைத்துச் சொன்னாள். கணக்கில் இருந்து காசு போனால் வருகிற குறுஞ்செய்திக்கு மாதாமாதம் ஒரு கட்டணம் வெட்டுவார்கள். இனிமேல் இப்படியான அறிவித்தல் கடிதமாக வராது, மின்னஞ்சலில் மட்டும்தான். மூன்றாவது, செயலியை நெடுநாள் திறக்காமல் விட்டால் அதன் பதிவை நிறுத்திவிடுவார்கள். பிறகு கிளைக்கு வந்து திரும்பப் பதிய வேண்டும்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

"நாங்க திறக்கிறதே இல்ல," என்றார்.

"ஏன் அங்கிள்?"

"திறந்தா ஏத்துக்கொண்ட மாதிரி எண்டு."

அவள் இம்முறை சிரித்துவிட்டாள். பிறகு கையால் வாயைப் பொத்தினாள். "சொரி அங்கிள். திறக்காம விட்டா வேணாம் எண்டு சொன்ன மாதிரி இல்ல. கணக்கை வச்சிருந்தாலே ஏத்துக்கொண்ட மாதிரித்தான். விருப்பம் இல்லாட்டி அந்தத் திகதிக்கு முந்திக் கணக்கை மூடணும்."

"அப்ப விரல்?"

"எந்த விரல்?"

அவர் சொன்னார். ரேகை இல்லாததையும், என் விரலையும், ஆஸ்பத்திரியையும். அவர் ஒரு மூச்சில் இவ்வளவு கதைத்து நான் கேட்டதில்லை. சொல்லி முடித்து இரண்டு கையையும் மேசையில் மல்லாத்தி வைத்தார். அவள் அந்தக் கைகளையே பார்த்தாள். பிறகு தன்னுடைய கொம்பியூட்டரில் எதையோ தேடி, திரையை எங்கள் பக்கம் திருப்பினாள்.

"இது பழைய நிபந்தனை. நீங்க செயலிக்குச் சேர்ந்த நேரம் இருந்தது. இந்த இலக்கத்தைப் பாருங்க. உங்கட தாளிலயும் அதே இலக்கம். அதே வசனம். விரல் கதை முதல் நாள்ல இருந்தே இருக்கு."

"அப்ப இவ்வளவு நாளும் பிழையாத்தான் செய்தனாங்களா?" என்று கேட்டேன்.

"ஓம் அன்ரி." மறைக்காமல் சொன்னாள். "வாழ்க்கைப்பட்ட ஆளா இருந்தாலும் அப்படித்தான். போனுக்கு விரல்தான் தெரியும், யாற்ற எண்டு தெரியாது. அன்ரி வச்சா அங்கிள் வச்சதா எழுதும். அங்கிளுக்குச் சுகமில்லாம..." கொஞ்சம் நிறுத்தினாள். "ஏதும் நடந்தா கணக்கை நிப்பாட்டுவாங்க. அதுக்குப் பொறகு அன்ரி விரல் வச்சா அன்ரிக்குத்தான் கரைச்சல்."

அவர் தலையாட்டினார். 'ஏதும் நடந்தா' என்ற அந்தச் சொல்லை எங்கள் வீட்டில் நாங்கள் இருவரும் இன்னும் வாயில் எடுக்கவில்லை. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த பிள்ளை எடுத்துவிட்டாள்.

"வழி இருக்கா?" என்று கேட்டேன்.

"இருக்கு. ரெண்டு பேர்ட பேரிலயும் ஒரு கூட்டுக் கணக்கு திறக்கலாம். ஒருத்தர் கையெழுத்துப் போட்டாலே போதும் எண்டு எழுதலாம். இந்தக் கணக்கில இருக்கிற சல்லியை அதுக்கு மாத்துவம். அன்ரிக்கு அன்ரிட போன்ல தனியாச் செயலி. அன்ரிட விரல். அங்கிள் ரகசிய இலக்கம் போடுங்க."

"எனக்கு அது நிக்காது."

"உங்களுக்கு மட்டும் தெரிஞ்ச ஏதாவது வைங்க. பிறந்த திகதி வேணாம். அன்ரிக்கும் சொல்லாதீங்க."

"இவளுக்குத் தெரியாத ஒண்டு என்னட்ட இல்லையே பிள்ளை," என்றார்.

அவள் குனிந்து படிவம் எடுத்தாள். வேண்டியதை விடக் கொஞ்சம் கூட நேரம் எடுத்தாள்.

அடையாள அட்டை இரண்டும் கையில் இருந்தது. வீட்டு விலாசத்துக்கு லைட் பில். அவர் முதலில் கையெழுத்துப் போட்டார். பிறகு பேனையை என்னிடம் தந்தார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். கையெழுத்து என்று என் பெயரைத்தான் எழுதுவேன். எழுத நேரம் எடுக்கும். அவர் தாள் அசையாமல் ஒரு ஓரத்தில் கையை வைத்துப் பிடித்துக்கொண்டார்.

சில நாளில் என் போனில் செயலி வேலை செய்தது. அன்றைக்குப் பின்னேரம் அவருடைய போனில் இருந்த என் விரலை அழிக்க உட்கார்ந்தோம். அழிக்கவா என்று போன் கேட்டது. அவர் போனை மேசையில் வைத்துவிட்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அழியுங்க," என்றேன்.

"பொறு. தேத்தண்ணி குடிச்சிட்டு."

குடித்தார். அழித்தார். செயலி உடனே ரகசிய இலக்கத்தைக் கேட்டது. என் பக்கம் போன் தெரியாதபடி திரும்பி உட்கார்ந்து, ஒவ்வொரு இலக்கமாகப் போட்டார்.

சத்திர சிகிச்சை முடிந்து அவரை வார்டுக்குக் கொண்டு வந்தார்கள். இருமும்போது தையல் விரியாமல் இருக்க நெஞ்சுக்கு ஒரு பட்டி வேண்டும், வெளியே வாங்கி வரச் சொன்னார்கள். ஆஸ்பத்திரிக்கு எதிரே உள்ள பார்மசியில் கேட்டேன். அளவு என்ன என்றார்கள். என் கையை விரித்துக் காட்டினேன், இவ்வளவு என்று. அவருடைய நெஞ்சின் அகலம் எனக்குத் தெரியும். என் போனில் எங்கள் கூட்டுக் கணக்கைத் திறந்து கட்டினேன்.

தாதி பட்டியைக் கட்டினாள். அளவு சரியாக இருந்தது. அவர் கண்ணைத் திறந்து அதைத் தடவிப் பார்த்தார். குரல் சின்னதாக வந்தது.

"ஆரைக் கேட்டு வாங்கின?"

"ஒருத்தர் கையெழுத்துப் போதுமாம்," என்றேன்.

சிரிக்கப் போனார். வலித்தது. நெஞ்சில் கையை வைத்து அமர்த்தினார். நான் என் கையையும் அதன் மேல் வைத்தேன். வலி அடங்கும் வரை எடுக்கவில்லை.